அஞ்சு ரூபாய் வட்டி: மகளுக்கு ஓர் அப்பா போட்டுக் காட்டும் கணக்கு

அன்புள்ள அம்மிணிக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவன் நான், சிட்டையில் ஏறாத எதற்கும் வாயால் பதில் சொல்லிப் பழக்கம் இல்லை. இரண்டு நாள் உட்கார்ந்து பென்சிலால் போட்டுப் பார்த்தேன். அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். சில இடங்களில் நீளும், பொறுத்துக்கொள்.

நீ சொன்னது இதுதான். உன் ஆபீஸ் தோழியின் அண்ணன் பங்குச் சந்தையில் ஆப்ஷன் டிரேடிங் செய்கிறார். அவரிடம் மூன்று லட்சம் கொடுத்தால் மாதம் 5 சதவீதம், அதாவது 15,000 ரூபாய், உன் கணக்குக்கு வந்துவிடும். தோழி ஏழு மாதமாக வாங்கிக்கொண்டிருக்கிறாள். உன்னிடம் சேமிப்பு 1,60,000 இருக்கிறது. வேலை மாறுவதால் பழைய கம்பெனி பி.எஃப். 1,90,000 எடுத்தால் கைக்கு வரும். இரண்டையும் சேர்த்தால் மூன்று லட்சத்துக்கு மேல். "இதில் என்னங்கப்பா தப்பு?" என்று கேட்டாய்.

முதலில், அந்த வட்டியைக் கணக்குப் போடு

நம் ஊர்ப் பேச்சில் இது அஞ்சு ரூபாய் வட்டி. நூற்றுக்கு மாதம் அஞ்சு. வருஷத்துக்கு 60. வட்டியை எடுக்காமல் அதிலேயே விட்டால் வருஷத்துக்கு ஏறக்குறைய 80 சதவீதம் ஆகிவிடும். உன் மூன்று லட்சம் பத்து வருஷத்தில் பத்துக் கோடியைத் தாண்டும். கால்குலேட்டரில் 1.05ஐ 120 தடவை பெருக்கிப் பார், 349 பக்கம் வரும். அதை மூன்று லட்சத்தால் பெருக்கு.

இப்போது அந்த அண்ணன் பக்கம் போய் நின்று யோசி. உனக்கு 60 கொடுக்க வேண்டும் என்றால் அவர் அதற்கு மேல் சம்பாதிக்க வேண்டும். மாதாமாதம், தவறாமல். அப்படிச் சம்பாதிக்கத் தெரிந்தவர் வங்கியில் 14 சதவீதத்துக்குப் பெர்சனல் லோன் வாங்கலாம், வீட்டை அடகு வைத்தால் அதையும்விடக் குறைவாகக் கிடைக்கும். பதினாலுக்குக் கிடைக்கிற பணத்தை விட்டுவிட்டு, தங்கையின் ஆபீஸ் பெண்களிடம் அறுபதுக்கு ஏன் வாங்குகிறார்? இந்தக் கேள்விக்கு இரண்டே பதில்தான். வங்கி அவருக்குக் கொடுக்காது. அல்லது வங்கி கேட்கிற கேள்விகளுக்கு அவரிடம் பதில் இல்லை.

யாராவது அதிக வட்டி என்று வந்தால் நான் முதலில் போடும் கணக்கு இதுதான். அவர் கொடுப்பதாகச் சொல்லும் வட்டியை வங்கி கடன் கொடுக்கும் வட்டியோடு வைத்துப் பார். ஒன்றிரண்டு சதவீதம் கூட இருந்தால் ஏன் என்று விசாரிக்கலாம். நாலு மடங்கு என்றால் விசாரிக்கவே வேண்டாம்.

"ஏழு மாதமாக வருதுங்கப்பா"

இந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாரும் விழுகிறார்கள், நானும் விழுந்தேன், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படி.

நூறு பேர் ஆளுக்கு மூன்று லட்சம் கொடுத்தால் அவர் கையில் மூன்று கோடி. மாதம் அவர் கொடுக்க வேண்டியது 15 லட்சம். அவர் சந்தைப் பக்கமே போகவில்லை, பணத்தை அப்படியே பீரோவில் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள். ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்காமல் எத்தனை மாதம் கொடுக்கலாம்? மூன்று கோடியைப் பதினைந்து லட்சத்தால் வகுத்தால் இருபது மாதம். நடுவில் புதிதாக ஆள் சேரச் சேர இன்னும் நீளும்.

ஆக, ஏழு மாதம் வந்தது என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உன் தோழி இதுவரை வாங்கிய 1,05,000 ரூபாயும் அவள் கொடுத்த மூன்று லட்சத்திலிருந்தே வந்திருக்கலாம். முதலில் போனவர்களுக்கு ஒழுங்காக வரும், வர வேண்டும், அவர்கள்தானே அடுத்தவர்களைக் கூட்டிவர வேண்டும். உன் தோழி பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொல்கிறாள்.

1996இல் நானும் இப்படித்தான் நம்பினேன். அப்போது தமிழ்நாடு முழுக்கத் தெருவுக்குத் தெரு ஃபைனான்ஸ் கம்பெனி. ஏ.சி. போட்ட ஆபீஸ், காலண்டர், தீபாவளிக்கு இனிப்பு. நான் போட்டது 50,000 ரூபாய், ரெண்டரை ரூபாய் வட்டி. மாதம் 1,250. பவுன் நாலாயிரம் பக்கம் விற்ற காலம் அது, அம்பதாயிரம் எவ்வளவு என்று நீயே பார்த்துக்கொள். பதினாறு மாதம் தேதி தவறாமல் வந்தது. பதினேழாவது மாதம் மண்டியில் இருந்து சைக்கிளில் போனேன், ஷட்டர் இறங்கி இருந்தது. கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்துக்கொண்டு ஐம்பது அறுபது பேர். ஒரு பாட்டி மஞ்சள் பைக்குள் இருந்த பாஸ்புத்தகத்தை எடுப்பதும் உள்ளே வைப்பதுமாக இருந்தது, அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நீ அப்போது உன் அம்மா வயிற்றில். வீட்டில் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆனது.

நான் வாங்கியது 20,000, விட்டது 30,000. இந்த மாதிரி ஆட்களைப் பிடிக்கத்தான் 1997இல் தமிழ்நாட்டில் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது, சொத்தை முடக்கி ஏலம் விட்டுப் பிரித்துக் கொடுக்க. என் பங்காக 2011இல் ஏழாயிரம் வந்தது.

பணம் போனதைவிட மோசமானது ஒன்று உண்டு. உன் பெரிய மாமாவை அதில் சேர்த்துவிட்டவன் நான். "எனக்கு வருது மாப்ள, உங்களுக்கும் வரும்" என்று சொன்னேன். அவர் இறக்கும்வரை என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஆள் சேர்த்தால் கமிஷன் என்று உன் தோழி சொன்னாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது, ஆனால் அப்படி ஒரு வார்த்தை வந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடு.

கேட்க வேண்டிய மூன்று கேள்வி

சரி, அந்தப் பையன் யோக்கியன் என்றே வைத்துக்கொள்வோம். உண்மையிலேயே ஆப்ஷனில்தான் போடுகிறார். 2024 செப்டம்பரில், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி வெளியிட்ட ஆய்வில், 2021-22 முதல் 2023-24 வரை மூன்று வருஷத்தில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷனில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். நூறில் அந்த ஏழு பேரில் இவர் ஒருவராக இருக்கலாம்தான். இருந்தாலும் மாதாமாதம் ஒரே தொகை எப்படி வரும்? சந்தையில் லாபம் சீராக வராது. ஒரு மாதம் 9, அடுத்த மாதம் மைனஸ் 14 என்று வரும். வட்டி மாதிரி நேர்கோட்டில் வருகிறது என்றால் அது சந்தையிலிருந்து வருவதில்லை.

அதனால் இதைக் கேள். பணம் யார் கணக்குக்குப் போகிறது? உன் பெயரில் உள்ள டீமேட், டிரேடிங் கணக்குக்குப் போனால் ஒரு பேச்சு, அவருடைய சேமிப்புக் கணக்குக்கு ஜிபே செய்யச் சொன்னால் அது முதலீடே இல்லை, கைமாற்று. இரண்டாவது, செபி பதிவு எண் என்ன? அடுத்தவர் பணத்தை வாங்கிச் சந்தையில் நிர்வகிக்கப் பதிவு வேண்டும், அந்தப் போர்ட்ஃபோலியோ சேவைக்குக் குறைந்தபட்சம் ஒருவர் 50 லட்சம் போட்டாக வேண்டும். மூன்று லட்சத்துக்கு அந்தச் சேவை கிடையாது. எண் கொடுத்தால் செபி இணையதளத்தில் அதே பெயர் இருக்கிறதா என்று நீயே தேடு, அவர் அனுப்பும் சான்றிதழ்ப் படத்தை நம்பாதே. பதிவு பெற்றவர் யாரும் இவ்வளவு வருமானம் உறுதி என்று சொல்லக் கூடாது, சொன்னால் அதுவே விதிமீறல்.

மூன்றாவது கேள்வி உன் தோழிக்கு. முதலை ஒரு தடவை முழுசாகத் திருப்பிக் கேட்டுப் பார்க்கச் சொல். வட்டியைக் கேட்டால் வரும். முதலைக் கேட்டால்தான் "லாக்-இன்", "அடுத்த மாதம்", "வரி கட்டினால் ரிலீஸ் ஆகும்" என்று பேச்சு மாறும். வரி கட்டு, பணம் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அதற்கு மேல் ஒரு பைசா போடாமல் 1930க்குப் போன் செய்ய வேண்டும். சைபர் குற்றத்துக்கான எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது, பணம் வேறு கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்கப் பார்ப்பார்கள்.

இனி உன் பணத்துக்கு வருவோம். முதலில் கார்டு

நீ சொல்ல மறந்ததை அம்மா சொன்னாள். கிரெடிட் கார்டில் 40,000 பாக்கி, நாலு மாதமாக மினிமம் டியூ மட்டும் கட்டுகிறாய். இந்தக் கணக்கைப் பார்.

பாக்கி 40,000. மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 1,400. வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 252. மொத்தம் 1,652. நீ கட்டும் மினிமம் 2,000. கடன் குறைவது 348 ரூபாய். முந்நூற்று நாற்பத்தெட்டு! இதற்குள் புதிதாக எதையாவது தேய்த்தால் அதற்கும் வாங்கிய நாளிலிருந்து வட்டி ஓட ஆரம்பிக்கும், ஏனென்றால் பாக்கி வைத்தவருக்கு அந்த நாற்பது ஐம்பது நாள் சலுகை கிடையாது.

வருஷத்துக்கு 42 சதவீதம் கட்டிக்கொண்டு, சேமிப்புக் கணக்கில் இரண்டரை மூன்று சதவீதத்துக்கு 1,60,000 வைத்திருக்கிறாய். அஞ்சு ரூபாய் வட்டி வாங்க ஆசைப்படுகிறவள் மூன்றரை ரூபாய் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய் அம்மிணி, அதுவும் ஜி.எஸ்.டி.யைச் சேர்க்காமல். இதை அடைப்பதைவிட நல்ல வருமானம் தரும் முதலீடு இந்த நாட்டில் சட்டப்படி எதுவும் இல்லை. இன்றே 40,000 முழுசாகக் கட்டு. அடுத்த பில்லில் சில நூறு ரூபாய் வட்டி மிச்சம் வரும், பில் தேதிக்கும் நீ கட்டிய தேதிக்கும் இடையில் ஓடியது. பயப்படாமல் அதையும் கட்டிவிடு. பிறகு வங்கி ஆப்பில் ஆட்டோ டெபிட் போடும்போது "மினிமம்" என்பதை மாற்றி "டோட்டல்" என்று வை. பல பேர் இந்த ஒரு இடத்தைப் பார்க்காமல் விட்டுத்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அப்புறம், ஆறு மாதச் சோறு

கார்டை அடைத்த பிறகு உன்னிடம் 1,20,000 இருக்கும். கைக்கு வரும் சம்பளம் 62,000, செலவு வாடகையோடு 35,000 என்றாய். ஆறு மாதச் செலவு 2,10,000. இன்னும் 90,000 வேண்டும். மாதம் 20,000 ஒதுக்கினால் ஐந்து மாதத்துக்குள் முடிந்துவிடும். அந்த ஐந்து மாதமும் ஷேர், ஃபண்டு, தங்கம் எதுவும் வேண்டாம், இது மட்டும்.

இதை எப்படி வைப்பது என்பதில்தான் விஷயம். சம்பளக் கணக்கிலேயே இருந்தால் கரைந்துவிடும். வேறொரு வங்கியில் தனிக் கணக்கு திற, அதற்கு யு.பி.ஐ. இணைக்காதே. 60,000 சேமிப்பில் இருக்கட்டும். மீதி ஒன்றரை லட்சத்தை ஒரே டெபாசிட்டாகப் போடாமல் 50,000 வீதம் மூன்றாகப் போடு. அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைத்தால் போதும், முன்கூட்டி உடைப்பதற்கான வட்டிக் குறைப்பு மற்ற இரண்டையும் தொடாது. வட்டி அரை சதவீதம் அதிகம் என்று பெயர் தெரியாத கூட்டுறவுச் சங்கத்துக்கு ஓடாதே. வங்கி என்றால் ஒருவருக்கு ஒரு வங்கியில் முதலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, சங்கத்துக்கும் நிதி நிறுவனத்துக்கும் அது கிடையாது.

இந்தப் பணம் வளராது. விலைவாசிக்கு ஈடுகொடுக்கக்கூட முடியாது. வேலை போன மாதத்தில் வாடகைக்காக யாரிடமும் போய் நிற்காமல் இருப்பதுதான் இதன் வேலை. நான் 1998இல் உன் பிரசவச் செலவுக்குத் தண்டல்காரரிடம் போனவன். அந்த வட்டியைக் கட்டி முடிக்க ஒரு வருஷம் ஆயிற்று, ஆயிரத்துக்கு எத்தனை என்று உனக்குச் சொல்ல மாட்டேன்.

வேலை மாறும் இடைவெளியில் இன்னொன்று. பழைய கம்பெனியின் மருத்துவக் காப்பீடு நீ கிளம்பும் அன்றே முடிந்துவிடும். சொந்தமாக ஒரு பாலிசி எடுத்துவை, உன் வயதில் பிரீமியம் குறைவு. முதல் 30 நாள் விபத்து தவிர வேறு எதற்கும் கிளைம் கிடைக்காது, அதனால் ராஜினாமா கடிதம் கொடுத்த வாரமே எடு.

பி.எஃப்.: தொடாதே, மாற்று

இரண்டு வருஷம் எட்டு மாதத்தில் 1,90,000 சேர்ந்திருக்கிறது. "வேலை இல்லை என்று போட்டு கிளைம் பண்ணினால் வந்துவிடும்" என்று யாரோ சொன்னதாகச் சொன்னாய். வேறு வேலையில் சேரப்போகிறவள் வேலையில்லை என்று எழுதிக்கொடுப்பது பொய். அது ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்கைப் பார்.

தொடர் சேவை ஐந்து வருஷம் ஆகுமுன் எடுத்தால் வரி. கம்பெனி போட்ட பங்கும் வட்டியும் உன் அந்த வருஷ வருமானத்தில் சேரும். 50,000க்கு மேல் என்றால் 10 சதவீதம் அங்கேயே பிடித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். எடுக்காமல் புதிய கம்பெனிக்கு மாற்றினால் இந்த இரண்டு வருஷம் எட்டு மாதமும் அந்த ஐந்து வருஷக் கணக்கில் சேரும். பென்ஷன் பகுதிக்குப் பத்து வருஷ சேவை வேண்டும். அதையும் எடுத்துவிட்டால் அந்த வருஷங்கள் அழிந்து, திரும்ப ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

இனி தொகை. கடந்த சில வருஷமாக 8.25 கொடுக்கிறார்கள், வருஷா வருஷம் மாறும், நான் 8 என்றே வைக்கிறேன். உனக்கு 27. ஒரு ரூபாய்கூடப் புதிதாகப் போடாமல் 58 வயதுவரை, 31 வருஷம் விட்டால் இந்த 1,90,000 மட்டும் 20 லட்சத்தைத் தாண்டும்.

இருபது லட்சம் என்றதும் சந்தோஷப்படாதே, உன் அப்பன் கணக்குப்பிள்ளை, மறுபக்கத்தையும் எழுதியாக வேண்டும். விலைவாசி வருஷம் 6 ஏறினால் அந்த இருபது லட்சத்துக்கு இன்றைய மதிப்பு சுமார் 3,40,000தான். அதாவது உன் பணம் பத்து மடங்கு ஆகவில்லை, நிஜத்தில் இரண்டு மடங்கைக்கூடத் தொடவில்லை. பொறுமைக்குக் கிடைக்கும் உண்மையான கூலி இவ்வளவுதான். ஆனால் இது கிடைத்துவிடும். அந்த அண்ணன் சொல்வது பெரிய தொகை, அது கிடைக்காது.

மாற்றும் வழி: புதிய கம்பெனியில் சேரும்போது உன்னிடம் ஏற்கெனவே உள்ள யு.ஏ.என். எண்ணையே கொடு, புதிதாக ஒன்று உண்டாக்க விடாதே. ஆதாரில் உள்ள பெயர், பிறந்த தேதியோடு பி.எஃப். பதிவு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா பார். உன் பெயருக்கு முன்னால் என் இனிஷியல் ஓரிடத்தில் இருந்து, இன்னோரிடத்தில் என் முழுப் பெயரும் இருந்தால் அங்கேயே தடங்கல். பழைய கம்பெனி நீ வேலையை விட்ட தேதியை ஏற்றினால்தான் மாற்றல் நகரும். அவர்கள் ஏற்றவில்லை என்றால் கடைசிப் பங்களிப்பு முடிந்து இரண்டு மாதம் கழித்து நீயே இணையத்தில் `Mark Exit` என்ற இடத்தில் போடலாம். பிறகு `One Member – One EPF Account` என்ற மெனுவில் மாற்றல் கோரிக்கை. பலருக்குத் தானாகவே மாறிவிடும், அதை நம்பி விட்டுவிடாமல் பாஸ்புக்கில் பழைய தொகை புதிய கணக்கில் ஏறியதா என்று பார்த்த பிறகுதான் முடிந்ததாக எண்ண வேண்டும்.

ஆறாவது மாதத்திலிருந்து

கையிருப்பு நிறைந்த பிறகு அந்த 20,000இல் 10,000த்தை, நாட்டின் ஐம்பது பெரிய கம்பெனிகளின் பங்கை மொத்தமாக வாங்கும் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில், டைரக்ட் திட்டத்தில், மாதாமாதம் எஸ்.ஐ.பி.யாகப் போடு. ரெகுலர் என்று போட்டால் இடையில் இருப்பவருக்கு வருஷா வருஷம் உன் பணத்திலிருந்து கமிஷன் போகும். சம்பளம் ஒன்றாம் தேதி வந்தால் எஸ்.ஐ.பி. ஐந்தாம் தேதி. மீதிப் பத்தாயிரம் கல்யாணமோ படிப்போ எதற்கு என்று நீயே முடிவு செய், ஐந்து வருஷத்துக்குள் தேவைப்படும் பணம் மட்டும் சந்தைக்குப் போகக் கூடாது.

வருஷம் 10 சதவீதம் என்று ஒரு பேச்சுக்கு வைக்கிறேன், இது யாரும் தரும் உறுதி இல்லை. பத்து வருஷத்தில் நீ போட்டது 12 லட்சம், இருப்பது ஏறக்குறைய 20.6 லட்சம். லாபம் எட்டரை லட்சம் சொச்சம். இருபது வருஷத்தில் போட்டது 24 லட்சம், இருப்பது 76 லட்சம் சொச்சம், லாபம் 52 லட்சம். அதாவது முதல் பத்து வருஷம் எட்டரை கொடுத்த அதே வேலை, அடுத்த பத்து வருஷத்தில் நாற்பதுக்கு மேல் கொடுக்கிறது. முதல் நாலைந்து வருஷம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அந்தச் சமயத்தில்தான் தோழியின் அண்ணன்கள் வருவார்கள்.

நடுவில் விழும். நிச்சயம் விழும். 2020 ஜனவரியில் 12,300க்கு மேல் இருந்த நிஃப்டி மார்ச் 23ஆம் தேதி 7,610இல் முடிந்தது. இரண்டு மாதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி. நவம்பரில் பழைய உயரத்தைத் தாண்டிவிட்டது. எப்போதும் இப்படிச் சட்டென்று திரும்பாது, 2008இல் விழுந்தது எழுந்து பழைய இடத்துக்கு வர 2010 கடைசி ஆயிற்று. விழும்போது எஸ்.ஐ.பி.யை நிறுத்துகிறவர்கள்தான் அதிகம், விலை மலிவாகக் கிடைக்கும் மாதத்தில் கடையை மூடுவதுபோல. மார்ச் மாதிரி ஒன்று வந்தால் ஆப்பைத் திறக்காதே, எனக்குப் போன் செய்.

ஆனால் காத்திருந்தால் எல்லாம் ஏறும் என்றும் எடுத்துக்கொள்ளாதே. 2010 கடைசியில் நம் மண்டியில் மஞ்சள் குவிண்டால் 16,000த்தைத் தொட்டபோது, இருபதுக்குப் போகும் என்று மூட்டையைக் குடோனில் போட்டுப் பொறுமையாக உட்கார்ந்தவர்களை நான் பேர் சொல்லிக் காட்டுவேன். 2012இல் நாலாயிரம் பக்கம் வந்து நின்றது. குடோன் வாடகை வேறு, வண்டு வேறு. மஞ்சள் குட்டி போடாது அம்மிணி. ஐம்பது கம்பெனிகளின் பங்கு என்றால் உள்ளே யாரோ வேலை செய்து லாபம் சம்பாதிக்கிறார்கள், அதற்காகக் காத்திருக்கலாம். விலை ஏறும் என்பதற்காக மட்டும் வைத்திருப்பது வேறு கணக்கு. ஒரே கம்பெனி பங்கை விழ விழ வாங்கிக்கொண்டே போவதும் அந்தக் குடோன் மாதிரிதான்.

தோழியிடம் என்ன சொல்வது என்று சங்கடப்படாதே. "அப்பா பணத்தை வேறு எதிலோ போட்டுவிட்டார்" என்று என் தலையில் போடு. முடிந்தால் அந்த பீரோக் கணக்கை மட்டும் அவளுக்குக் காட்டு. அதற்கு மேல் வற்புறுத்தினால் உன் மேல்தான் கோபம் வரும்.

இதைப் படித்துவிட்டு அம்மா சொல்கிறாள், அந்த அம்பதாயிரத்தில் பதினோராயிரம் தன் கம்மலும் ஆரமும் விற்றது, அதை ஏன் எழுதவில்லை என்று. எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் கார்டு பாக்கி கட்டிய ரசீதையும் பி.எஃப். பாஸ்புக்கில் பெயர் எப்படி இருக்கிறது என்ற படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. இனிஷியல் தகராறு இருந்தால் பழைய கம்பெனியில் நீ இருக்கும்போதே சரி செய்துவிடலாம்.

அப்பா